வெள்ளை நடுவில் நிற்க வேண்டும்

அந்த மனிதரின் முகத்தைச் சிவப்பாக்கியவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றிவளைத்துக் கடைசியில் ஒப்புக்கொள்வது எனக்குப் பிடிக்காது.

அது எண்பத்தாறாம் ஆண்டு. கொக்குவிலில் ஒரு வீடியோ ஸ்ரூடியோவில் வேலை செய்துகொண்டிருந்தேன். அதற்கு முன் கொழும்பில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் கருவிகளைப் பராமரிக்கும் வேலை. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் உடுத்த உடுப்போடு கப்பல் ஏறிக் காங்கேசன்துறையில் இறங்கினேன். அந்தக் கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் எழுதப்போவதில்லை. அங்கிருந்து நான் கொண்டுவந்தது ஒரே ஒரு பழக்கம். அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் பெரிய கலர்த் திரைகளுக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் இரண்டு பச்சைத் திரைகள் இருந்தன. ஒன்று வேவ்ஃபோர்ம். படத்தில் எந்த இடம் எவ்வளவு வெளிச்சம் என்பதை உயரமாகக் காட்டும். கறுப்புக்கு ஒரு அடிக்கோடு, வெள்ளைக்கு ஒரு மேற்கோடு. படம் முழுக்க அந்த இரண்டு கோடுகளுக்குள் அடங்க வேண்டும். மேற்கோட்டுக்கு மேலே போனால் வெள்ளை வெந்துவிடும், அடிக்கோட்டில் போய் ஒட்டினால் நிழல் செத்துவிடும். மற்றது வெக்டர்ஸ்கோப். அது வட்டமானது. வெளிச்சத்தைப் பற்றி அதற்குக் கவலை இல்லை, நிறம் மட்டும்தான். நடுப்புள்ளி என்றால் நிறமே இல்லை என்று அர்த்தம். வெள்ளை, சாம்பல், கறுப்பு எல்லாம் நடுவில் நிற்கும். நடுவைவிட்டு எவ்வளவு தூரம் விலகுகிறதோ நிறம் அவ்வளவு கூடியது. எந்தப் பக்கம் விலகுகிறது என்பது என்ன நிறம் என்று சொல்லும். மேலே சிவப்பு, இடப்பக்கம் மஞ்சள், வலப்பக்கம் நீலம். மனிதத் தோல் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே ஒரு கோட்டில் விழும். சிங்களவன் என்றாலும் தமிழன் என்றாலும் வெள்ளைக்காரன் என்றாலும் ஏறக்குறைய அதே கோடுதான். எண்பத்து மூன்றுக்குப் பிறகு இதை நினைத்துப் பலமுறை சிரித்திருக்கிறேன். நல்ல சிரிப்பல்ல.

ஏன் இந்தத் தொல்லை, கண் போதாதா என்று கேட்பார்கள். கண் போதாது. கண் எதற்கும் பழகிக்கொள்ளும். பச்சையாய்ப் போன திரையைப் பத்து நிமிடம் பார்த்தால் அது சரியாகத் தெரியத் தொடங்கும். ஒவ்வொரு ரீவியும் ஒவ்வொரு விதமாகப் பொய் சொல்லும். கருவிக்குத் திரை எப்படி இருக்கிறது என்று தெரியாது. ரேப்பில், அந்த நாடாவில், என்ன பதிந்திருக்கிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

கொக்குவில் ஸ்ரூடியோவில் அப்படி ஒரு கருவியும் இல்லை. முதலாளியிடம் ஒரு பெரிய ரீவி இருந்தது. அது அவருடைய கண்மணி. அதன் படக்குழாயில் சிவப்புக்கான பகுதி தேய்ந்துபோயிருந்தது. அதனால் எல்லாப் படமும் கொஞ்சம் நீலம் பாரித்துத் தெரியும். அதோடு பிரைற்னஸைக் கூட்டி வைத்திருந்தார், கறுப்பே சாம்பலாக வெளிறிக் கிடக்கும். நான் வந்த மூன்றாம் நாள் இதைச் சொன்னேன். அவருக்குக் கோபம்.

"நாலு வருசமா உந்த ரீவியிலைதான்ரா பாக்கிறன். எனக்குப் பிழையாத் தெரியேல்லை."

"அண்ணை, நாலு வருசமாப் பாத்தபடியாத்தான் தெரியேல்லை."



நான் என் பாட்டுக்குச் செய்தேன். ரேடியோ திருத்தும் ஒரு கடையிலிருந்து பழைய ஒசிலோஸ்கோப் ஒன்றை எடுத்தேன். வீடியோ சிக்னலை நேரே அதற்குள் விட்டால் வேவ்ஃபோர்ம் வந்துவிடும். அடியிலிருந்து உச்சி வரை ஒரு வோல்ற். கறுப்பு கீழிருந்து கால் பங்குக்குச் சற்று மேலே நிற்கும். வெக்டர்ஸ்கோப்புக்குப் படக்குழாய் செத்துப்போன ரீவி ஒன்றின் உள்பலகையைப் பயன்படுத்தினேன். நிறத்தைப் பிரிக்கும் பகுதி அதில் உயிரோடு இருந்தது. பிரிந்து வரும் இரண்டு நிறச் சிக்னல்களில் ஒன்றை ஸ்கோப்பின் குறுக்குப் பக்கமும் மற்றதை நெடுக்குப் பக்கமும் கொடுத்தேன். மாலையில் நிகழ்ச்சி தொடங்கும் முன் தொலைக்காட்சி நிலையம் காட்டும் வண்ணப் பட்டைகளை ஒரு கசெற்றில் பதிந்து வைத்துக்கொண்டேன். அதை ஓடவிட்டு, ஒவ்வொரு நிறமும் விழ வேண்டிய இடத்தில் விழும்வரை குமிழ்களைத் திருகி, எக்ஸ்ரே படம் ஒன்றைக் கழுவியெடுத்த தெளிந்த தாளில் ஆறு பெட்டிகளை மையால் கீறி, திரைமேல் ஒட்டினேன். தோல் விழும் கோட்டையும் கீறினேன்.

முதலாளி வந்து பார்த்தார். ஒரு கலியாண வீட்டுப் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கோப்பில் பச்சைக் கோடு துடித்தது.

"என்னடாப்பா, பொம்பிளைக்கு ஈசிஜி எடுக்கிறியா?"

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து ஸ்ரூடியோவில் அதன் பெயர் ஈசிஜி. "ஈசிஜி என்ன சொல்லுது, மாப்பிள்ளை பிழைப்பாரோ?" என்று ஒவ்வொரு நாளும் யாராவது கேட்பார்கள். எனக்கு இரத்தம் கொதிக்கும். ஆனாலும் இரண்டு வருடம் அதை வைத்துத்தான் எல்லாப் படத்தையும் சரிசெய்தேன். ஜேர்மனிக்கும் டென்மார்க்குக்கும் போன எங்கள் ரேப்புகளைப் பற்றி ஒரு குறையும் வரவில்லை. குறை வராதபடியால் யாருக்கும் அதன் அருமையும் தெரியவில்லை.

எங்கள் தொழிலில் அப்போது பாதி கலியாணம், பாதி செத்தவீடு. பிள்ளைகள் வெளிநாட்டில். தகப்பன் செத்தால் வர முடியாது. வந்தால் திரும்பிப் போக முடியாது. ஆகவே செத்தவீட்டைப் படம்பிடித்து அனுப்புவார்கள். மகன் அங்கே ஒரு அறையில் இருந்து, கதவைச் சாத்திக்கொண்டு, தகப்பனுக்கு வாய்க்கரிசி போடுவதை ரீவியில் பார்த்து அழுவான். அவனுக்கு அதுதான் செத்தவீடு. வேறொன்றும் இல்லை.

உரும்பிராயில் ஒரு பெரியவர் திடீரென்று இறந்தார். மகளோடும் மருமகனோடும் இருந்தவர். ஒரே மகன் ஜேர்மனியில். நான்தான் போய்ப் படம் பிடித்தேன். பந்தலுக்குள் நுழைந்ததும் பெரியவரின் வேட்டியைக் கமராவுக்குக் காட்டி வெள்ளையைச் சரிசெய்துகொண்டேன். அது என் வழக்கம். ரேப்பில் படம் சரியாகத்தான் பதிந்திருந்தது. இதை என்னால் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியும்.

அடுத்த நாள் காலை ஸ்ரூடியோவில் வெட்டி ஒட்டிக் கொப்பி எடுக்க உட்கார்ந்தேன். ஸ்கோப்பை இன்னும் போடவில்லை. முதலாளி வந்து தன் ரீவியைப் பார்த்தார்.

"முகம் நீலமாக் கிடக்கு. உப்பிடி அனுப்பினா அந்தப் பெடியன் பயந்துபோவான். கொஞ்சம் சிவப்புப் போடு."

"அண்ணை, உங்கடை ரீவிதான் நீலம். முகம் சரி."

"செத்த மனுசன்ரை முகத்தைப் பாக்கிறதுக்கும் உனக்கு மிசின் வேணுமோ? கண் இல்லையோ? உன்ரை கொழும்புப் படிப்பைக் கொழும்பிலையே விட்டிட்டு வந்திருக்கலாம்."

கொழும்பு என்றதும் எனக்குள் ஏதோ அறுந்தது. சரி, உனக்குக் கண்தானே வேண்டும், வைத்துக்கொள் என்று நினைத்தேன். ஸ்கோப்பைத் தொடவே இல்லை. கலர் கரெக்டர் என்று ஒரு சின்னப் பெட்டி இருந்தது, ரேப்பை ஓடவிடும் டெக்குக்கும் கொப்பி பதியும் டெக்குக்கும் நடுவே. அதில் சிவப்புக் குமிழைத் திருகினேன். "இன்னும்" என்றார். திருகினேன். "மங்கலாக் கிடக்கு, கறுப்பை இறக்கு" என்றார். இறக்கினேன். அவருடைய திரையில் பெரியவர் நித்திரையில் இருப்பவர் மாதிரி வந்தார். "இப்பதான் மனுசன்" என்றார் முதலாளி. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மகன் பயப்படக்கூடாது என்றுதான் நினைத்தார். எனக்கு நல்ல எண்ணம் கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்கவில்லை. எனக்கு வீம்பு. பிழை என்று தெரிந்துகொண்டே கை செய்தது.

கொப்பி ஒன்று ஜேர்மனிக்குப் போனது. ஒன்று உரும்பிராய் வீட்டுக்கு.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் காலை பத்து மணியளவில் பெரியவரின் மகள் ஸ்ரூடியோவுக்கு வந்தாள். கையில் ஒரு பையில் அந்த ரேப்பும் ஒரு கடிதமும். கூட ஒரு முதியவர், செத்தவரின் தம்பி, நில அளவையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒழுங்கைக்கு அப்பால் வேலியோடு ஒரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவளுடைய புருசன் நின்றான். உள்ளே வரவில்லை. அவன் கண் எங்கள் வாசலைப் பார்க்கவில்லை, தெருவின் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தது.

"அண்ணை, இதை வாசியுங்கோ" என்றாள்.

தமையன் எழுதியிருந்தான். அப்பாவின் முகம் இரத்தம் கட்டினது மாதிரிச் சிவந்து கிடக்கிறது, கழுத்தில் தாடைக்குக் கீழே கறுப்பாகக் கயிறு இறுக்கின அடையாளம், நான் நூறு தரம் நிறுத்திப் பார்த்துவிட்டேன். நெஞ்சுவலி என்று என்னை ஏமாற்றாதே. வீட்டுக் காணி விசயமாக அப்பாவுக்கும் உன் புருசனுக்கும் வாய்த்தர்க்கம் வந்ததை அப்பாவே எனக்கு எழுதியவர். சித்திரை வருசத்துக்குள் சித்தப்பா எனக்கு ஒரு மறுமொழி தர வேண்டும். இல்லையென்றால் பொடியளுக்கு எழுதுவேன், அவர்கள் விசாரிக்கட்டும்.

அந்தக் காலத்தில் பொடியள், அதாவது இயக்கக்காரர், விசாரிப்பது என்றால் என்ன என்று எங்கள் ஊரில் விளக்கத் தேவையில்லை. ஆள் திரும்பி வந்தால் வரும். சந்தியில் கம்பத்தில் கட்டிக் கிடந்தாலும் கிடக்கும், நெஞ்சில் குற்றம் எழுதிய ஒரு மட்டையோடு. சித்திரைக்கு ஐந்து கிழமை இருந்தது.



"அடையாளம் ஒண்டும் இருக்கேல்லை அண்ணை" என்றாள் அவள். "நான்தான் குளிப்பாட்டேக்கை கிட்ட நிண்டனான். ஆனா ரேப்பிலை பாக்கக் கிடக்கு. நானும் பாத்தன். இப்ப எனக்கே…" அவள் முடிக்கவில்லை. வெளியே சைக்கிளோடு நின்றவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் கண்டேன். தன் புருசனை அவள் பார்த்த அந்தப் பார்வையை நான் இன்றும் மறக்கவில்லை.

சித்தப்பா ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்தார். "தம்பி, நீர்தானே படம் பிடிச்சனீர்? உது என்ன நிறம்?"

"பிழையான நிறம் ஐயா. நான் போட்ட சிவப்பு."

"எப்பிடி நம்புறது? பயத்திலை சொல்லுறீரோ, இவளுக்காகச் சொல்லுறீரோ, எனக்கெப்பிடித் தெரியும்? வாய்ப் பேச்சு வேண்டாம். நான் நாப்பது வருசம் காணி அளந்தவன். ரெண்டு பக்கமும் கண்ணாலை பாத்து எல்லை சொல்லுவாங்கள். சங்கிலியைப் போட்டால் ரெண்டு பேரும் பிழை. உம்மட்டைச் சங்கிலி இருக்கோ?"

"இருக்கு."

முதலாளி கதவடியில் நின்றார். அன்றைக்கு அவர் ஈசிஜி என்று சொல்லவில்லை.

முதலில் வண்ணப் பட்டைகளை ஓடவிட்டேன். ஆறு நிறமும் ஆறு பெட்டிக்குள் விழுந்தன. வெள்ளைப் பட்டை நடுவில் ஒரு புள்ளியாக நின்றது. "இது சங்கிலி சரியோ எண்டு பாக்கிறது" என்றேன். சித்தப்பா தாளில் கீறியிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார்.

பிறகு உரும்பிராய் ரேப். கமரா பெரியவரின் கால்மாட்டிலிருந்து மெல்ல மேலே போகும் ஒரு இடம் உண்டு. அதில் ஐந்தாறு விநாடிக்குத் திரை முழுவதும் வேட்டிதான். அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். ஸ்கோப்பில் பச்சைப் பொட்டு நடுவில் இல்லை. மேலே ஏறி நின்றது. வீட்டு வீடியோ ரேப்பில் புள்ளி துல்லியமாக நிற்காது, ஈ மொய்த்த மாதிரிப் பரவி நிற்கும். ஆனாலும் மொய்ப்பு முழுதும் மேலே, சிவப்புப் பக்கம்.

"ஐயா, வேட்டி என்ன நிறம்?"

"வெள்ளை. நான்தான் வாங்கினனான். புது நாலு முழம்."

"வெள்ளையெண்டா நடுவிலை நிக்கவேணும். இது சிவப்பிலை நிக்குது. வேட்டியையும் ஆரும் கழுத்தை நெரிச்சவையோ?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்குத் தெரிந்தது. மகள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். சித்தப்பா என்னைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்தார்.

"சரி. மேலை செய்யும்."

சிவப்புக் குமிழை எதிர்ப்பக்கம் திருகினேன். வேட்டி மொய்ப்பு மெல்ல இறங்கி நடுவுக்கு வந்தது. குமிழிலிருந்து கையை எடுத்தேன். "இனித் தொடமாட்டன், பாருங்கோ" என்று சொல்லிவிட்டு முகம் கிட்டத்தில் வரும் இடத்துக்கு ஓட்டினேன். முகத்தின் மொய்ப்பு தோல் கோட்டின்மேல் வந்து விழுந்தது. உயிரில்லாத தோல், ஆகவே நடுவுக்குக் கிட்டவாக, வெளிறி. ஆனால் கோட்டில்தான். சிவப்பில் இல்லை.

சித்தப்பா ரீவியை நிமிர்ந்து பார்த்தார். "இதிலை நீலமாக் கிடக்கே?"

"ரீவியைப் பாக்காதேங்கோ ஐயா. அதைப் பாத்துத்தான் இவ்வளவும் நடந்தது."

முதலாளி கதவடியைவிட்டு வெளியே போனார். சைக்கிள்காரனுக்குப் பக்கத்தில் போய் நின்று சிகரெட் பற்றவைத்தது யன்னலால் தெரிந்தது.

"முகம் சரி" என்றார் சித்தப்பா. "கழுத்து?"

நான் இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். ஸ்கோப்பை வேவ்ஃபோர்முக்கு மாற்றினேன். கழுத்து தெரியும் இடம். நெற்றி, கன்னம், மூக்குப் பஞ்சு எல்லாம் உயரம் உயரமாக நின்றன. தாடைக்குக் கீழே கோடு தொப்பென்று அடிக்கு விழுந்து, கத்தியால் வெட்டின மாதிரித் தட்டையாகக் கிடந்தது.

"உதிலை என்ன இருக்கு?"

"ஒண்டும் இல்லை."

"ஒண்டும் இல்லையெண்டா? அடையாளம் இல்லையோ?"

"அடையாளம் இருக்கெண்டும் இல்லை, இல்லையெண்டும் இல்லை. நான் கறுப்பை இறக்கேக்கை நிழல் அடிக்கோட்டுக்குக் கீழை போட்டுது. கீழை போனதை மிசின் வெட்டிப்போடும். நிறத்தைத் திருப்பி எடுக்கலாம். வெட்டுப்பட்டதை எடுக்க ஏலாது. குமிழைக் கூட்டினா தட்டைக் கோடு தட்டையாவே மேலை வரும். கறுப்பு சாம்பலாகும். அவ்வளவுதான்."

கூட்டிக் காட்டினேன். அப்படித்தான் வந்தது. கழுத்து இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. அதற்குள் தோல் இல்லை, மடிப்பு இல்லை, ஒன்றும் இல்லை. தலை ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமுமாக, நடுவில் அந்த வெறுமை.

மகள் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இப்ப வெளியிலை நிக்கிறவன்ரை உயிர் கழுத்திலைதான் நிக்குது" என்றார் சித்தப்பா, சத்தமில்லாமல். "கமராவிலை பிடிச்ச ரேப் எங்கை?"

அதைச் சொல்ல எனக்கு நேரம் எடுத்தது. ரேப் அப்போது தட்டுப்பாடு. கொழும்பிலிருந்து வர வேண்டும், வழியில் எத்தனை இடத்தில் மறிப்பார்களோ தெரியாது. கொப்பி எடுத்து முடிந்ததும் கமரா ரேப்பை அடுத்த நிகழ்ச்சிக்குப் பாவிப்போம். எல்லா ஸ்ரூடியோவிலும் அதுதான் வழக்கம். செத்தவீட்டுக்குமேல் கலியாணம், கலியாணத்துக்குமேல் பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு. யாருக்கும் அது குற்றமாகத் தெரிந்ததில்லை. கொடுப்பது கொப்பிதானே.

"அதுக்குமேலை ஒரு கலியாணம் பதிஞ்சிட்டுது ஐயா. மருதனார்மடத்திலை."

அவர் என்னை அப்போதுதான் முதல் முறையாக நேரே பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் அலுமாரியைத் திறந்து அந்த ரேப்பைத் தேடி எடுத்தேன். முதுகில் பழைய பெயரை வெட்டிக் கலியாண வீட்டின் பெயர் எழுதியிருந்தது, என் கையெழுத்தில். டெக்கில் போட்டு வேகமாக ஓட்டினேன். மணவறை, தாலி, அறுகரிசி, பந்தி. மணமகள் ஒரு குழந்தையைத் தூக்கி வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே படம் உடைந்து வெள்ளைப் பொரி பொரித்தது. பிறகு படம் வந்தது.

பாடை. வாசற் படலைக்கு வெளியே, பகல் வெளிச்சத்தில். பெரியவரின் முகம்.

செத்தவீடு கலியாணத்தைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கிறது. வால் மட்டும் மிஞ்சிக் கிடந்தது.

மகள் "அப்பா" என்றாள். கூப்பிட்ட மாதிரி.

நான் ஒன்றையும் தொடவில்லை. கரெக்டரைக் கழற்றிவிட்டு டெக்கிலிருந்து நேரே ஸ்கோப்புக்கு விட்டேன். வேட்டி வரும் இடத்தில் பொட்டு நடுவில் நின்றது. அன்றைக்குப் பந்தலுக்குள் நான் சரிசெய்த வெள்ளை, வெளி வெளிச்சத்தில் நீலப் பக்கம் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். பாடையைத் தூக்கும்போது தலை சற்றுப் பின்னே சரிந்து கழுத்து முழுதும் தெரிந்தது. வேவ்ஃபோர்மில் கழுத்தின் கோடு அடியைத் தொடவில்லை. நன்றாக மேலே, மடிப்பு மடிப்பாக, கன்னத்துக்குக் கொஞ்சம் கீழே ஏறி இறங்கிப் போனது. திடீர்ப் பள்ளம் ஒன்றும் இல்லை. ஒரு மனிதக் கழுத்து. கிழட்டுக் கழுத்து. அவ்வளவுதான்.

மொத்தம் நாற்பது விநாடி. பதினொரு தரம் ஓட்டினோம். சித்தப்பா தன் பொக்கற்றிலிருந்து ஒரு சின்னக் குறிப்புக் கொப்பியை எடுத்து, ஸ்கோப்பின் கட்டங்களை எண்ணி, வேட்டிக்கு இவ்வளவு, கன்னத்துக்கு இவ்வளவு, கழுத்துக்கு இவ்வளவு என்று குறித்துக்கொண்டார். பழக்கம் விடாது.

எழும்பும்போது கேட்டார். "இந்த ரேப்பிலை அடுத்ததா என்ன பதியிறதா இருந்தீர்?"

"நாளைக்கு ஒரு புதுவீடு குடிபூரல்."

"நாளைக்கு" என்றார்.

அந்த நாற்பது விநாடியையும், பழைய கொப்பியை நிறம் திருத்தி எடுத்ததையும் ஒரு ரேப்பில் பதிந்தேன். முன்னால் வண்ணப் பட்டைகளைப் போட்டேன். இன்னொரு கமராவால் ஸ்கோப்பின் திரையையும் படம் பிடித்துச் சேர்த்தேன். ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். அதில் ஒளிக்கவில்லை. கோபத்தில் கண்ணை மூடிக்கொண்டு செய்தேன், உங்கள் தகப்பனின் கழுத்தை அழித்தது நான், உங்கள் மச்சான் அல்ல என்று எழுதினேன். சித்தப்பா தன் கணக்குகளையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்தார். கொழும்புக்குப் போகும் ஒருவரிடம் கொடுத்துவிட்டோம்.

பிறகு காத்திருந்தோம். சித்திரைக்கு ஒரு கிழமை இருக்கும்போது உரும்பிராய் வீட்டுக்கு இரண்டு பொடியள் வந்தார்கள். படலையில் சைக்கிள் நிற்பதைக் கண்டதும் மகளின் புருசன் பின்வேலியால் பாய்ந்து வாழைத் தோட்டத்துக்குள் ஓடிவிட்டான். வந்தவர்கள் ஒரு நீர்ப் பம்பை இரவல் கேட்க வந்தவர்கள். ஓடினதைக் கண்டுவிட்டு, "ஏன் ஓடுறார்? என்ன செய்தவர்?" என்று கேட்டிருக்கிறார்கள். மகள் தன் வாழ்க்கையில் சொன்ன ஒரே நல்ல பொய், "வயித்தாலை போகுது தம்பி" என்றாளாம். அவர்கள் சிரித்துவிட்டுப் பம்பை எடுத்துக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து மறுமொழி வரும்வரை அவன் வீட்டில் படுக்கவில்லை.

மறுமொழி சித்திரை பிறந்து நாலாம் நாள் வந்தது. பொடியளுக்கு ஜேர்மனி மகன் எழுதவில்லை. தங்கையிடமும் மச்சானிடமும் மன்னிப்புக் கேட்டிருந்தான். எனக்கென்று தனியாக ஒரு தாள் வைத்திருந்தான். அதை நான் இன்றும் வைத்திருக்கிறேன்.

நீங்கள் அனுப்பியது விளங்கியது. கோடு, பொட்டு எல்லாம் விளங்கியது. சித்தப்பாவின் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன், சரி. ஆனால் நான் அந்தச் சிவப்பு முகத்தை மூன்று மாதம் பார்த்துவிட்டேன். கண்ணை மூடினால் வருவது அதுதான். புது ரேப்பில் அப்பா யாரோ ஒருவர் மாதிரி இருக்கிறார். பழைய ரேப்பை எரிக்கலாம் என்று எடுத்தேன். எரிக்க முடியவில்லை. அதிலும் அப்பாதானே.



உரும்பிராய்க் கொப்பியை மகளே ஸ்ரூடியோவுக்குக் கொண்டுவந்தாள். "அழியுங்கோ. நான் நிண்டு பாக்கிறன்" என்றாள். டெக்கில் போட்டு வெறும் கறுப்பைப் பதிந்தேன். ஸ்கோப்பில் ஒரு தட்டைக் கோடு ஓடிக்கொண்டே இருந்தது. ரேப் முடியும்வரை அவள் நின்றாள். முதலாளி ஒரு கதிரை கொண்டுவந்து வைத்தார். அவள் இருக்கவில்லை. முடிந்ததும் வெற்று ரேப்பை வாங்கிக்கொண்டு போனாள். அவளுடைய புருசன் அன்றைக்கும் ஒழுங்கைக்கு அப்பால்தான் நின்றான். அவள் கிட்டப் போனதும் சைக்கிளைத் திருப்பினான். அவள் பின்னால் ஏறவில்லை. அவன் உருட்ட, அவள் ஒரு பாகத் தூரம் தள்ளி நடந்து போனாள். கடிதம் வந்து ஒரு மாதமாகியிருந்தது.

முதலாளி அடுத்த கிழமை தன் ரீவியை விற்றுவிட்டார். வாங்கினவனிடம் சிவப்புக் குறைவு என்று சொல்லித்தான் விற்றார்.

அதன்பிறகு ஒன்பது வருடம் யாழ்ப்பாணத்தில் படம் எடுத்தேன். கரண்ட் போன பிறகும் ஜெனரேற்றரில் எடுத்தேன். ஸ்கோப் போடாமல் ஒரு முகத்தைக்கூட வெளியே அனுப்பவில்லை. தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து எல்லோரோடும் வீட்டைவிட்டு வெளிக்கிட்டபோது ஸ்கோப்பைத் தூக்க முடியவில்லை. அந்த நாற்பது விநாடி ரேப்பை உடுப்புப் பைக்குள் வைத்துக் கொண்டுபோனேன். மழையில் நனைந்து அது பூஞ்சணம் பிடித்துவிட்டது. இப்போது ஓடாது.

ஜேர்மனியில் அந்த மகனின் வீட்டில் இரண்டு ரேப்பும் இருக்கும். ஒன்றில் அவன் தகப்பன். மற்றதில் நான் செய்த மனிதன். வருசத் திவசத்துக்கு அவன் எதை எடுத்துப் போடுகிறான் என்று எனக்குத் தெரியாது. சிவப்பைத்தான் போடுவான் என்று நினைக்கிறேன்.